மைதானத்தை டேப்பால் அளந்து வரைய: மூலைவிட்டமா, அடிக்கோடா, மூலைக்கட்டா?

பள்ளி மைதானத்தை அளந்து அளவுத்திட்டப்படி வரையச் சொல்லும் பயிற்சித் தாள்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். "நான்கு பக்கங்களையும் அளந்து எழுது. 1 செ.மீ = 5 மீட்டர் என்று கொண்டு வரை." அதோடு முடிந்துவிடும். பிள்ளைகள் அளப்பார்கள், மூலைமட்டத்தை வைத்து ஒரு செவ்வகம் போடுவார்கள், கடைசிப் பக்கம் மட்டும் பொருந்தாது. கோட்டைக் கொஞ்சம் இழுத்துச் சேர்த்துவிடுவார்கள். பிழை அவர்களுடையது இல்லை, தாளுடையது. நான்கு பக்கங்களின் நீளம் மட்டும் தெரிந்தால் நாற்கரம் நிலைக்காது. நான்கு குச்சிகளை முனையில் ஆணியடித்துச் சேர்த்தால் அது எந்தப் பக்கமும் சாய்வதைப் போல, வரைபடமும் சாயும்.

எவ்வளவு சாயும் என்பதை ஒரு மைதானத்தை வைத்தே பார்க்கலாம். மூலைகள் அ, ஆ, இ, ஈ. பக்கங்கள் அஆ 60.0 மீ, ஆஇ 40.2 மீ, இஈ 67.1 மீ, ஈஅ 44.1 மீ. கண்ணுக்குக் கிட்டத்தட்டச் செவ்வகமாகத்தான் தெரியும். அ மூலையில் உள்ள உண்மையான கோணம் சுமார் 94 பாகை. அதைச் செங்கோணம் என்று எடுத்துக்கொண்டு வரைந்தாலும் நான்கு பக்கங்களும் அச்சாகப் பொருந்தும். ஆனால் இ மூலை தன் இடத்தைவிட்டு 3 மீட்டர் தள்ளிப்போயிருக்கும், ஈ மூலையும் அப்படித்தான். தரையில் அஇ மூலைவிட்டம் 75.5 மீ. வரைபடத்தில் அது 77.8 மீ என்று வரும். எல்லாப் பக்கமும் சரி, படம் மட்டும் தப்பு.

ஆகவே பக்கங்களோடு இன்னும் ஏதாவது ஒன்றை அளந்தே ஆக வேண்டும். டேப்பைத் தவிர வேறு கருவி இல்லாத வகுப்புக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எதைத் தாளில் போடுவது என்பதில்தான் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் முதலில் பார்ப்பது, முறை தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கிறதா என்பதைத்தான். பிள்ளைகள் அளக்கும்போது பிழை வரும், அதில் சந்தேகமில்லை. அது சில சென்டிமீட்டர் பிழையாகவும் இருக்காது. 30 மீட்டர் டேப்பை மூன்று முறை போட்ட இடத்தில் இரண்டு என்று எண்ணிவிடுவார்கள். டேப்பைத் தலைகீழாகப் பிடித்து 9-ஐ 6 என்று படிப்பார்கள். சுழியக் கோடு வளையத்தின் வெளிவிளிம்பில் இருக்கிறதா, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒவ்வொரு முறையும் பத்து சென்டிமீட்டர் விடுவார்கள். இந்த மாதிரிப் பிழையை வரைபடமே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சின்னப் பிழை எவ்வளவு பெரிதாகிறது என்பது. மூன்றாவது, அளந்ததைக் கருவிப் பெட்டியில் இருக்கும் சாமான்களை வைத்தே தாளில் ஏற்ற முடியுமா என்பது. இதை யோசிக்காமல் தாள் தயாரித்தால், மைதானத்தில் நன்றாகப் போன பாடம் மேசையில் நின்றுவிடும். நான்காவது, மைதானத்தின் அமைப்பு: நடுவே கட்டடம் நிற்கிறதா, விளிம்பு வளைந்து போகிறதா.

எவ்வளவு நுணுக்கமாக அளப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1:500 அளவுத்திட்டத்தில் தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 25 செ.மீ. பென்சில் கோடு அதற்குமேல் நுணுக்கமாகப் போகாது. எனவே பத்து சென்டிமீட்டர் வரை எழுதினால் போதும். தரைச் சரிவைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 60 மீட்டரில் 3 மீட்டர் இறக்கம் இருந்தால்கூட வித்தியாசம் 8 செ.மீ-க்குள் அடங்கிவிடும்.

## மூலைவிட்ட முறை

நான்கு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது. ஒரு மூலைவிட்டம் மைதானத்தை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் சாயாது. ஆகவே ஐந்து நீளங்களிலேயே படம் முழுதாக வந்துவிடும். ஆறாவது நீளம் வரைவதற்கு வேண்டியதில்லை, சரிபார்க்க மட்டும்.

அந்த ஆறாவதை "நேரமில்லை" என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். என் வகுப்பில் ஒரு குழு ஈஅ பக்கத்தை 44.1 என்று அளந்துவிட்டு 41.1 என்று எழுதியது. எழுதியவன் கையெழுத்தில் 4-ம் 1-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும். படம் அழகாக மூடியது, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அப்புறம் அளவுகோலை ஆ-வுக்கும் ஈ-க்கும் இடையே வைத்தார்கள். தரையில் 76.8 மீ, அதாவது தாளில் 153.6 மி.மீ இருக்க வேண்டும். இருந்தது 150.5 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் குறைந்தது. பென்சில் கோட்டின் பிழை அவ்வளவு வராது. எல்லாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். சரிபார்ப்புக் கோடு பிழை இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், எந்தக் கோட்டில் இருக்கிறது என்று சொல்லாது. ஆகவே எல்லாவற்றையும் எதிர்த்திசையில் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. 1 மி.மீ வரை வித்தியாசம் வந்தால் ஏற்றுக்கொள்வது, அதற்கு மேல் போனால் திரும்ப அளப்பது என்று தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

மறைந்திருக்கும் செலவு கவராயத்தில்தான் இருக்கிறது. 1:500-இல் அஇ 151 மி.மீ. கருவிப் பெட்டியில் வரும் சின்னக் கவராயத்தை அவ்வளவு விரித்தால் ஊசி படுத்துக்கொள்ளும், வில் வழுக்கும். அஆ-விலிருந்து தொடங்கச் சொன்னால் பிள்ளைகள் அந்த 151-ஐ வில்லாக வெட்ட வேண்டிவரும். ஆகவே முதலில் அஇ மூலைவிட்டத்தையே அளவுகோலால் நேராக வரையச் சொல்லுங்கள். பிறகு அ-விலிருந்து 120, இ-யிலிருந்து 80.4 மி.மீ வில் வெட்டினால் ஆ கிடைக்கும். மறுபக்கம் அ-விலிருந்து 88.2, இ-யிலிருந்து 134.2 மி.மீ வெட்டினால் ஈ. ஆ-ஈ நீளத்துக்கு வில்லே தேவையில்லை, அளவுகோலை வைத்துப் பார்ப்பதோடு சரி. 134-க்கும் கவராயம் எட்டாவிட்டால், ஒரு தாள் கீற்றில் அந்த நீளத்தைக் குறித்து, ஒரு முனையில் குண்டூசியும் மறு முனையில் பென்சில் முனைக்கு ஓட்டையும் வைத்தால் அதுவே கவராயம். இல்லையென்றால் 1:1000 எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது தாளில் அரை மி.மீ தரையில் அரை மீட்டர் ஆகிவிடும்.

அளப்பதில் கூடுதல் வேலை உண்டு. பக்கங்கள் மட்டும் 211 மீட்டர், மூலைவிட்டங்கள் சேர்ந்தால் 364 மீட்டர். நடுவே டேப்பை நேர்கோட்டில் பிடிக்க ஒருவர் பின்னால் நின்று குச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக மறையும்படி பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் ஆசிரியர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். 75 மீட்டர் கோட்டின் நடுக்குச்சி ஒரு மீட்டர் விலகிப்போனாலும் நீளத்தில் கூடுவது 3 செ.மீ-தான். கோடு சற்று வளைந்தால் பரவாயில்லை, டேப்பை எத்தனை முறை போட்டோம் என்ற எண்ணிக்கை தவறினால்தான் ஆபத்து. சங்கிலியால் நிலம் அளந்தவர்கள் இதற்கு ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார்கள். முன்னால் போகிறவர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஒரு கம்பியைக் குத்துவார், பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். கடைசியில் பின்னால் வந்தவர் கையில் எத்தனை கம்பியோ அத்தனை சங்கிலி. கம்பிக்குப் பதில் ஐஸ்கிரீம் குச்சி போதும்.

பரப்பளவும் இந்தப் படத்திலிருந்தே வரும். அஇ கோட்டிலிருந்து ஆ-வுக்கும் ஈ-க்கும் செங்குத்து உயரங்களைத் தாளில் அளந்தால் 63.6, 77.8 மி.மீ. தரையில் 31.8 மீ, 38.9 மீ. 75.5 × (31.8 + 38.9) ÷ 2, சுமார் 2670 சதுர மீட்டர்.

ஐந்து மூலை மைதானத்துக்கும் இதே முறைதான், இன்னொரு முக்கோணம் கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை: முக்கோணத்தின் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் கீழும் 120-க்கு மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒடுங்கிய முக்கோணத்தில் இரண்டு வில்களும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே போகும், அவை வெட்டும் புள்ளி எதுவென்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள்.

## அடிக்கோட்டு முறை

மைதானத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டு, டேப்பை அதன்மேல் கிடத்திவிடுவது. பிறகு ஒவ்வொரு மூலைக்கும் மரத்துக்கும் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள்: கோட்டில் எவ்வளவு தூரம் போனோம், அங்கிருந்து பக்கவாட்டில் எவ்வளவு போனோம். வரைவது மிக எளிது, மூலைமட்டமும் அளவுகோலும் போதும். வரைபடத்தாளில் ஆயப்புள்ளிகளைக் குறிக்கப் படித்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த எளிமையைப் பார்த்துத்தான் பலர் இதை முழு மைதானத்துக்கும் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். நம் மைதானத்தில் அஇ-யை அடிக்கோடாக வைத்தால் ஈ மூலைக்குச் செங்குத்துத் தூரம் 38.9 மீ. தரையில் செங்கோணத்தைக் கண்ணால் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு 3 பாகை தவறுவது சாதாரணம். 38.9 மீட்டர் தள்ளி அந்த 3 பாகை மூலையை 2 மீட்டர் நகர்த்திவிடும். அதே 3 பாகைத் தவறு 5 மீட்டர் தூரத்தில் 26 செ.மீ-தான், தாளில் அரை மி.மீ. இந்த முறையின் எல்லை அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டுத் தூரம் சின்னதாக இருக்கும்வரை இது மிக நல்ல முறை, நீண்டுவிட்டால் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் 10 மீட்டரை எல்லையாக வைப்பேன்.

செங்குத்தைக் கண்டுபிடிக்க வழக்கமாகச் சொல்வது, டேப்பின் சுழியத்தை மரத்தடியில் பிடித்துக்கொண்டு மறுமுனையை அடிக்கோட்டின்மேல் இப்படியும் அப்படியும் ஆட்டு, மிகக் குறைந்த அளவு வரும் இடம்தான் செங்குத்து என்பது. நீளத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். ஆனால் செங்குத்தின் அடிப்புள்ளி கோட்டில் எங்கே விழுகிறது என்பதற்கு வேலை செய்யாது. 5 மீட்டர் தூரத்தில் 30 செ.மீ தள்ளி நின்றாலும் டேப் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் மாறும், கண்ணுக்கே தெரியாது. அதைவிட, டேப்பில் 7 மீட்டரைப் பிடித்துக்கொண்டு அந்த 7 மீட்டர் குறி அடிக்கோட்டைத் தொடும் இரண்டு இடங்களையும் குறித்து, இரண்டுக்கும் நடுவே எடுத்தால் அடிப்புள்ளி துல்லியமாகக் கிடைக்கும். தாளில் இந்த இரண்டாவது வழியைப் போடுங்கள்.

இன்னொரு குறை, இந்த முறை தன் பிழையைச் சொல்லாது. ஒரு மரம் 4 மீட்டருக்குப் பதில் 7 மீட்டரில் விழுந்தால் படம் எந்தப் புகாரும் செய்யாது. மூலைகளுக்கு இதைப் பயன்படுத்தினால் பக்க நீளங்களையும் தனியாக அளந்து ஒப்பிட வேண்டிவரும், அப்போது வேலை மிச்சமாகவில்லை.

வளைந்த விளிம்புக்கு மட்டும் இதற்கு மாற்றே கிடையாது. ஓடுபாதையின் வளைவு, ஓடைக்கரை மாதிரி நெளியும் எல்லை, வரிசையாக நிற்கும் மரங்கள், இவற்றுக்கெல்லாம் பக்கத்திலேயே ஒரு நேர்கோடு போட்டு 5 மீட்டருக்கு ஒரு செங்குத்து எடுத்தால் போதும்.

## மூலைக்கட்டு முறை

நடுவே கட்டடம் நிற்கிறது, மூலைவிட்டம் போகாது. அப்போது மூலையில் ஒரு சின்ன முக்கோணம் கட்டலாம். அ-விலிருந்து அஆ பக்கத்தில் 10 மீட்டரில் ஒரு குச்சி, அஈ பக்கத்தில் 10 மீட்டரில் ஒரு குச்சி, இரண்டுக்கும் இடையே அளவு. நம் மைதானத்தில் அது 14.6 மீ. செங்கோணமாக இருந்தால் 14.1 மீ வந்திருக்கும். அந்த அரை மீட்டர்தான் மூலை விரிந்திருக்கிறது என்று சொல்கிறது. நான்கு பக்கங்களும் இந்த ஒரு கட்டும் சேர்ந்தால் படம் நிலைத்துவிடும். எதிர் மூலை இ-யில் இன்னொரு கட்டு போட்டால் அது சரிபார்ப்பு. அங்கே 13.9 மீ வர வேண்டும்.

கட்டு சின்னதாக இருக்கும் அளவுக்குப் பிழை பெரிதாகும். 10 மீட்டர் கட்டில் 5 செ.மீ தவறினால் 44 மீட்டர் தள்ளி இருக்கும் ஈ மூலை சுமார் 32 செ.மீ நகரும், தாங்கிக்கொள்ளலாம். 3 மீட்டர் கட்டில் அதே 5 செ.மீ ஈ-யை ஒரு மீட்டருக்கு மேல் நகர்த்தும். ஆகவே இடம் இருக்கும் அளவுக்கு நீளமாகக் கட்டுங்கள்.

மேசையில் வரும் செலவு இதைவிடப் பெரிது, பலரும் கவனிக்காதது. 10 மீட்டர் என்பது 1:500-இல் 20 மி.மீ. அந்தக் குட்டி முக்கோணத்தில் அரை மி.மீ பிசகினால், கோட்டை 88 மி.மீ-க்கு நீட்டும்போது அது 2 மி.மீ-க்கு மேல் ஆகிவிடும், தரையில் ஒரு மீட்டர். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கோணம் மாறாமல் இருக்க விகிதம் மாறாமல் இருந்தால் போதும், கட்டு முக்கோணத்தை அளவுத்திட்டப்படி வரைய வேண்டிய அவசியமில்லை. 10, 10, 14.6 என்பதை 8-ஆல் பெருக்கி 80, 80, 116.8 மி.மீ முக்கோணமாக அ மூலையில் பென்சிலால் மெல்லிசாக வரையுங்கள். திசை கிடைத்ததும் ஈஅ-யை 88.2 மி.மீ வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | மூலைவிட்டம் | அடிக்கோடு | மூலைக்கட்டு |
|---|---|---|---|
| பிழையைத் தானே காட்டுமா | ஆறாவது நீளம் காட்டும் | காட்டாது | எதிர் மூலைக் கட்டு இருந்தால் காட்டும் |
| சின்னப் பிழை | பெருகாது | தூரத்தோடு பெருகும் | கட்டு சிறிதானால் பெருகும் |
| வரையக் கருவி | கவராயம் அல்லது தாள் கீற்று | மூலைமட்டம், அளவுகோல் | கவராயம், பெரிதாக்கிய முக்கோணம் |
| எங்கே பொருந்தும் | திறந்த மைதானம், நேர் விளிம்பு | வளைந்த விளிம்பு, மரங்கள் | நடுவே தடை உள்ள மைதானம் |

மைதானம் திறந்திருந்தால் நான் மூலைவிட்ட முறையைத்தான் தாளில் போடுவேன், அதில் தயக்கமே இல்லை. மரங்களையும் வளைவையும் அடுத்த பாடவேளையில், ஏற்கெனவே வரைந்த பக்கங்களையே அடிக்கோடாக வைத்துச் சேர்க்கலாம். மைதானம் கட்டடத்தைச் சுற்றி வளைந்திருந்தால் மூலைக்கட்டு. கவராயம் பிடிக்கத் தெரியாத சின்ன வகுப்புக்கு முழு மைதானம் வேண்டாம். கோடு போட்ட ஒரு விளையாட்டுக் களத்தைக் கொடுத்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம். எதிர்ப்பக்கங்களும் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம்தான், அப்போது மூலைமட்டத்தை நம்பி வரையலாம்.

## தாளில் என்ன இருக்க வேண்டும்

மேலே மைதானத்தின் கைவரைபடத்துக்குக் காலி இடம், மூலைகளுக்கு எழுத்து போட்டபடி. அதற்குக் கீழே அளவு அட்டவணை, ஒரு கோட்டுக்கு ஒரு வரிசை. நிரல்கள் ஐந்து: கோட்டின் பெயர், டேப் எத்தனை முறை முழுசாகப் போட்டோம், மிச்சம் எவ்வளவு, மொத்தம் மீட்டரில், தாளில் மி.மீ. இரண்டாவது நிரலைத் தனியாக வைப்பதால்தான் எண்ணிக்கைப் பிழை வெளியே தெரியும். அஇ வரிசையில் 2, 15.5, 75.5, 151 என்று வரும். மீட்டரை இரண்டால் பெருக்கினால் 1:500-இல் மி.மீ வந்துவிடும், ஆகவே கணக்கில் யாரும் சிக்கமாட்டார்கள்.

அட்டவணையில் ஐந்து வரிசைகள் மட்டும்தான் இருக்கும். ஆறாவது நீளமான ஆஈ-யை இன்னொரு குழு அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து ஆசிரியரிடம் கொடுத்துவிடும். எண் முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளைகள் ஈ புள்ளியை அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக நகர்த்திப் பொருத்திவிடுவார்கள். படம் முடிந்து, ஆ-வுக்கும் ஈ-க்கும் இடையே அளவுகோலை வைத்து, அந்த எண்ணைப் பேனாவால் எழுதிய பிறகுதான் சீட்டைப் பிரிக்க வேண்டும்.